லயத்தில் இருந்துகொண்டு லயம் பிடிப்பது எப்படி: இணையவழிச் சங்கீத வகுப்பு தொடங்குபவர்களுக்கு

மலையகத்தில் லயம் என்றால் முதலில் ஞாபகம் வருவது தோட்டத்து வீடு. சங்கீதக்காரருக்கு அது தாளத்தின் காலம். 2020இல் ஊரடங்கு வந்து, ஹட்டனில் என் வீட்டு முன்னறையில் நடந்த வகுப்பு ஃபோனுக்குள் போனபோது இந்த இரண்டு லயமும் முட்டிக்கொண்டன. அப்போது தெரியாமல் செய்த பிழைகளையும் பிறகு கண்டுபிடித்த வழிகளையும் இங்கே எழுதுகிறேன். இணையவழியில் பாட்டோ வயலினோ மிருதங்கமோ கற்பிக்கத் தொடங்குபவர்களுக்கும், பிள்ளையை அப்படி ஒரு வகுப்பில் சேர்க்கும் பெற்றோருக்கும் உதவும்.

பொகவந்தலாவைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை சூமில் படித்தாள். சரளி வரிசை என்ற தொடக்கப் பயிற்சியை மூன்று வேகத்தில் பாட வேண்டும். முதல் காலம் சரி, இரண்டாம் காலம் பரவாயில்லை, மூன்றாம் காலம் வந்தால் எப்போதும் பிந்துவாள். நான் திரையில் கை போட்டுக்கொண்டு கூடவே பாடுவேன்.

"தாளத்தை விட்டுட்டு எங்க போறீங்க பிள்ள?"

"இல்ல டீச்சர், உங்க கையோடதான் பாடினேன்."

மூன்று வாரம் இதே பேச்சு. கொஞ்சம் சத்தம் போட்டும் விட்டேன். வழி திறந்த பிறகு அம்மாவோடு ஹட்டனுக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்து பாடினாள். மூன்றாம் காலம் கத்தரித்தது போல இருந்தது. அவள் சொன்னதில் பொய் இல்லை. என் கையோடுதான் பாடியிருக்கிறாள். ஆனால் என் கை அவளிடம் போய்ச் சேர ஒரு நேரம் எடுத்தது, அவள் குரல் என்னிடம் திரும்பி வர இன்னொரு நேரம் எடுத்தது. இரண்டையும் கூட்டி அவள் கணக்கில் எழுதிவிட்டேன்.

பிந்துவது எந்த இடத்தில்

காமன் கூத்து நடக்கிற இரவில் எதிர்மலையில் தப்பு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு வெளிச்சத்தில் கை விழுவது தெரியும், அடி கொஞ்சம் கழித்துத்தான் காதுக்கு வரும். காற்றில் ஒலி ஒரு செக்கனில் சுமார் 340 மீற்றர் போகும். அதாவது ஒரு மீற்றரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெக்கன். செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் மில்லிசெக்கன். கோயில் மண்டபத்தில் உங்களுக்கும் மிருதங்கக்காரருக்கும் இடையில் 3 மீற்றர் இருந்தால் 9 மில்லிசெக்கன் பிந்துகிறது, அது யாருக்கும் உறுத்தாது. சூமில் ஒரு பக்கத்துக்கு 200 மில்லிசெக்கன் பிந்துவது சாதாரணம். அது 68 மீற்றருக்கு அப்பால் நிற்கும் ஆளோடு சேர்ந்து பாடுவதற்குச் சமம். ஒரு தேயிலை மலையின் இந்தக் கரையில் நீங்கள், அந்தக் கரையில் அவர்.

பொகவந்தலாவை நேர்கோட்டில் பார்த்தால் ஹட்டனிலிருந்து இருபது கிலோமீற்றர்கூட இல்லை. பிறகு ஏன் இவ்வளவு? தூரம் இங்கே பெரிய குற்றவாளி அல்ல. கண்ணாடி நாரில் ஒளி ஒரு மில்லிசெக்கனில் சுமார் 200 கிலோமீற்றர் ஓடிவிடும். ஆனால் என் குரல் நேராகப் பொகவந்தலாவைக்குப் போவதில்லை. முதலில் அந்தச் சேவையின் கணினிக்குப் போகிறது. அது சிங்கப்பூரில் இருந்தால், கொழும்பிலிருந்து ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். போய்த் திரும்ப, ஒளியின் வேகத்தில்கூட 27 மில்லிசெக்கன் வேண்டும். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் கிடக்காததால் உண்மையில் இன்னும் கூடும். பக்கத்து லயத்துப் பிள்ளைக்குப் பாடினாலும் கடல் தாண்டித்தான் போய் வருகிறோம்.

அதற்கு மேல் மற்றவை ஏறுகின்றன. ஒலியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்ட ஒரு நேரம், கோபுரத்துக்கு அனுப்ப ஃபோன் தன் முறைக்காகக் காத்திருக்க ஒரு நேரம், மறுமுனையில் பொட்டலம் காத்திருந்து அவிழ ஒரு நேரம்.

இதில் பெரிய பங்கு எடுப்பது கடைசியில் இருக்கும் காத்திருப்பு. ஹட்டனில் ரயில் பிடிக்க வேண்டிய பொகவந்தலாவைக்காரர் என்ன செய்வார்? பஸ் ஒருநாள் நேரத்துக்கு வரும், ஒருநாள் வராது. அதனால் முந்தின பஸ்ஸிலேயே வந்து ஸ்டேஷனில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒலிப் பொட்டலங்களும் அப்படித்தான், ஒன்று 30 மில்லிசெக்கனில் வரும், அடுத்தது 90 எடுக்கும். வந்தவுடனே போட்டால் பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். ஆகவே செயலி எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் தேக்கி வைத்து, பிறகு சீராக விடுகிறது. பஸ் எவ்வளவு ஒழுங்கீனமோ, ஸ்டேஷனில் அவ்வளவு நேரம். மழைக்காலத்தில், சிக்னல் ஒரு கோடும் இரண்டு கோடுமாக ஆடும் தோட்டத்தில், அந்தத் தேக்கம் தானாகவே பெருத்துவிடும். நீங்கள் இருவரும் எதையும் மாற்றாமலே நேற்றைவிட இன்று கூடுதலாகப் பிந்துவது இதனால்தான்.

எவ்வளவு வரை தாங்கும்

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் என்பவரும் அவரது குழுவும் இருவரைத் தனித்தனி அறையில் இருத்தி, ஒருவர் தட்டுவது மற்றவருக்கு வேண்டுமென்றே பிந்திக் கேட்கும்படி செய்து, சேர்ந்து கைதட்டச் சொன்னார்கள். தாமதம் 11, 12 மில்லிசெக்கனுக்குக் கீழே இருந்தால் தாளம் மெல்ல ஓடத் தொடங்கியது. அதற்கு மேலே போகப் போக இழுத்தது. ஒரு பக்கத்துக்கு 25 முதல் 30 மில்லிசெக்கன் வரை இசைக்காரர்கள் சமாளித்துச் சேர்ந்து வாசிக்க முடியும் என்பது இந்தத் துறையில் பொதுவாக ஏற்றுக்கொண்ட எல்லை. காற்றில் அது 10 மீற்றர், பஜனைக் கூட்டத்தின் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள இடைவெளி மாதிரி. 50, 60இல் ஒருவர் மற்றவரைக் கேட்காமல் தன் பாட்டில் போனால் மெதுவான உருப்படியை ஒப்பேற்றலாம். 200இல் ஒன்றும் செய்ய முடியாது. பயிற்சியால் இதைத் தாண்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஏன் இழுக்கிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 60 அடி, அடிக்கு ஒரு செக்கன் என்று வைப்போம். நான் தட்டுகிறேன். 200 மில்லிசெக்கன் கழித்துப் பிள்ளைக்குக் கேட்கிறது, அவள் அதோடு தட்டுகிறாள். அது எனக்கு வந்து சேரும்போது நான் தட்டி 400 ஆகிவிட்டது. "பாவம், பிந்துகிறாள்" என்று அவளுடைய அடியிலிருந்து என் அடுத்த செக்கனை எண்ணினால், என் அடிக்கும் அடிக்கும் இடையில் 1.4 செக்கன். 60 இருந்த வேகம் ஒரே சுற்றில் 43 ஆகிறது. ஒருவரை ஒருவர் மதித்துக் காத்திருக்கக் காத்திருக்கத் தாளம் படுத்துவிடும். நடைமுறையில் யாரும் முழுதாகக் காத்திருப்பதில்லை என்பதால் இவ்வளவு சட்டென்று விழாது, ஆனால் விழுகிற திசை இதுதான்.

முதல் வேலை: தட்டி அளங்கள்

கருவி ஒன்றும் வேண்டாம், ஃபோனில் ஒரு மெட்ரோனோம் இருந்தால் போதும். இருவரும் வயர் உள்ள இயர்ஃபோன் போட வேண்டும். மெட்ரோனோம் ஆசிரியருக்கு மட்டும் கேட்கட்டும். வேகத்தை 40இல் வைத்து ஆசிரியர் தட்டத் தொடங்குவார். பிள்ளை தன் காதில் கேட்கும் தட்டோடு சேர்ந்து தட்ட வேண்டும், வேறொன்றும் யோசிக்கக் கூடாது. ஏழெட்டு அடியில் அவள் கை பொருந்திவிடும்.

இப்போது ஆசிரியருக்கு இரண்டு தட்டு கேட்கும்: தன்னுடையது, அதன் பிறகு பிள்ளையுடையது. வேகத்தை ஐந்து ஐந்தாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் பிள்ளையின் தட்டு உங்கள் இரண்டு தட்டுகளுக்கும் சரி நடுவில், தக்-திக்-தக்-திக் என்று சமமாக விழும். மணிக்கூடு ஓடுவது போல இருக்கும், காது உடனே பிடித்துக்கொள்ளும். அங்கே நிறுத்துங்கள். 30,000ஐ அந்த வேகத்தால் வகுத்தால் வருவதுதான் போய்த் திரும்பும் மொத்தத் தாமதம். 75இல் நடுவில் விழுந்தால் 400 மில்லிசெக்கன். 100இல் விழுந்தால் 300. மெதுவிலிருந்து ஏறி வர வேண்டும் என்பது முக்கியம். நடுவில் தொடங்கினால் பிள்ளையின் தட்டு ஒரு முழு அடி தள்ளி விழுவதையும் நடு என்று எடுத்துவிடுவீர்கள்.

சேர்ந்து தட்டும்போது மனிதக் கை ஒலிக்குச் சற்று முந்தியே விழும் பழக்கம் உண்டு. ஆகையால் இதில் இருபது முப்பது மில்லிசெக்கன் பிழை இருக்கலாம். நமக்கு 400ஆ 250ஆ என்று தெரிந்தால் போதும்.

என்னிடம் அப்போது படித்த மூன்று பேரை அளந்தது இது. பண்டாரவளைப் பிள்ளை வீட்டில் ஃபைபர் இணைப்பு, மடிக்கணினி, வயர் ஹெட்செட்: 120இல் நடுவில் விழுந்தது, ஆகவே 250. பொகவந்தலாவைப் பிள்ளை, அம்மாவின் ஃபோன், மொபைல் டேட்டா: 75, ஆகவே 400. மஸ்கெலியாப் பையன், மொபைல் டேட்டா, காதில் மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்த புளூடூத்: 50, ஆகவே 600. புளூடூத்தைக் கழற்றி, பாக்கெட்டில் சுருண்டு கிடந்த வயரைச் செருகச் சொன்னேன். அவனும் 75க்கு வந்துவிட்டான். 200 மில்லிசெக்கனை அந்தச் சின்னப் பெட்டி தின்றுகொண்டிருந்தது.

400 என்பது சரளி வரிசையில் என்ன

ஆதி தாளம், அடிக்கு ஒரு செக்கன். முதல் காலத்தில் ஒரு ஸ்வரம் ஓர் அடி, 1,000 மில்லிசெக்கன். நான் ச பாடி முடிக்கும் முன்பே பிள்ளையின் ச வந்துவிடும். பிந்துவது தெரியும், ஆனால் ஸ்வரம் ஒன்றுதான், காது பொறுத்துக்கொள்ளும். இரண்டாம் காலத்தில் ஸ்வரத்துக்கு 500. அவளுடைய ச வரும்போது என் ச முடியப் போகிறது. "கொஞ்சம் சோம்பல்" என்று தோன்றும். மூன்றாம் காலத்தில் ஸ்வரத்துக்கு 250தான். என் வாயில் க வந்துவிட்ட பிறகும் காதில் அவளுடைய ச ஒலித்துக்கொண்டிருக்கும். ஒன்றரை ஸ்வரம் பின்னால்.

முதல் காலம் சரி, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது பிந்துகிறது என்ற என் முறைப்பாடு இதே வரிசையில்தான் இருந்தது. பிள்ளைக்கு மூன்றாம் காலம் வரவில்லை என்று நினைத்தது, மாறாத ஒரே 400 மில்லிசெக்கனை மூன்று வெவ்வேறு அளவுகோலால் அளந்ததன் விளைவு. உங்கள் மாணவரும் வேகம் கூடக் கூடத்தான் பிந்துகிறார் என்றால், அவரைத் திருத்துவதற்கு முன் தட்டி அளங்கள்.

மெய்யாகவே லயம் தவறுகிற பிள்ளையை வேறுபடுத்துவதும் இதனால் எளிது. இணைப்பால் பிந்துவது ஒரே அளவாகப் பிந்தும், ஆவர்த்தனம் முழுவதும் அதே இடைவெளி. பிள்ளை தவறினால் இடைவெளி மாறும். ஏறுமுகத்தில் ஓடும், மேல் சட்ஜத்தில் மூச்சுக்கு நிற்கும், இறங்கும்போது மீண்டும் ஓடும். இணைப்பும் நடுவில் தடுமாறலாம், ஆனால் அது ஒரு விக்கலாகவோ உலோகக் குரலாகவோ கேட்கும், பாடுபவரின் மூச்சோடு சேர்ந்து வராது.

தாளம் பாடுபவர் பக்கத்தில் இருக்கட்டும்

எல்லா வழிமுறையும் கடைசியில் இந்த ஒன்றில்தான் வந்து நிற்கிறது. பிள்ளை தன் தொடையில் தானே தட்டிப் பாடினால், தாளமும் குரலும் ஒரே மைக்கில் ஏறி, ஒரே பொட்டலத்தில் கட்டுப்பட்டு வருகின்றன. மொத்தமாக அரைச் செக்கன் பிந்தினாலும் இரண்டும் சேர்ந்தே பிந்தும், அவற்றுக்கு இடையில் உள்ள உறவு மாறாது. நான் கேட்பது அவள் பாடியதுதான்.

ஆனால் அந்த நேரத்தில் ஆசிரியரின் கை அசையக் கூடாது. இது சொல்லச் சுலபம், எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. பாட்டுக் கேட்டால் கை தானாகத் தொடைக்குப் போகும். என் கையைத் திரையில் பார்த்தால் பிள்ளை அதோடு ஒட்டப் பார்ப்பாள், எல்லாம் பழையபடி குழம்பும். கடைசியில் மடியில் ஒரு தலையணையை வைத்து இரு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டேன். வீடியோவை நிறுத்திவிடுவது இன்னும் நல்லது. படமும் ஒலியும் எப்போதும் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதால் திரையில் தெரியும் கையை எந்தப் பக்கமும் நம்பக் கூடாது. பிள்ளையின் தட்டு காதில் விழ வேண்டும், அதனால் ஃபோனை அவள் மடிக்கு எட்டிய தூரத்தில் ஒரு பேசினைக் கவிழ்த்தோ புத்தகங்களை அடுக்கியோ அதன் மேல் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள்.

எதிர்த்திசையிலும் இதே விதிதான். எல்லாப் பிள்ளைகளும் தங்கள் மைக்கை மூடிவிட்டு, நான் தாளம் போட்டுப் பாடுவதோடு கூடப் பாடலாம். என் குரலும் என் தாளமும் சேர்ந்தே போகின்றன, ஆகவே ஒவ்வொருவருக்கும் அது சரியாக இருக்கும். எனக்கு ஒன்றும் கேட்காது. பெற்றோர் சிலர் "டீச்சர் கேட்காமல் என்ன வகுப்பு" என்பார்கள். பத்துப் பேரின் மைக்கைத் திறந்தால் பத்து விதத் தாமதத்தோடு பத்துக் குரல் வந்து கூழாகிவிடும். அதிலும் சூம் போன்றவை சத்தமான ஓரிருவரை முன்னால் விட்டு மற்றவரை அமுக்கும். கூட்டமாகப் பாடுவதைக் கேட்டுத் திருத்துவது இணையத்தில் கிடையாது, அந்த ஆசையை விட்டுவிட வேண்டும்.

எனவே என் வகுப்பு இப்படித்தான் போகும். இலவச சூமில் கூட்டத்துக்கு 40 நிமிடம் என்பதால் அதற்குள் அடக்கியது. முதல் ஐந்து நிமிடம் சுருதி. பிறகு பத்து நிமிடம் நான் ஒரு வரி, பிள்ளைகள் ஒரு வரி. ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும்போது நடுவில் அரைச் செக்கன் வெறுமையாகப் போகும், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வரிக்கு வரி ஆளை மாற்றும்போது தாளத்தைத் தொடர முயல வேண்டாம். பிள்ளை தன் வரியைத் தன் சமத்திலிருந்து, அதாவது தாளத்தின் முதல் அடியிலிருந்து, புதிதாகத் தொடங்கட்டும். அடுத்துப் பத்து நிமிடம் மைக்கை மூடிக் கூடப் பாடுவது. மீதி நேரத்தில் ஒவ்வொருவராகத் தன் தாளத்தில் தனியே பாடுவது, நான் தலையணையோடு.

சுருதியைப் பற்றி ஒரு வார்த்தை

சுருதி மாதா, லயம் பிதா என்பார்கள். இணையத்தில் மாதா கூட வருவாள், பிதாதான் வர மாட்டார். சுருதி மாறாமல் நிற்கும் ஒலி, அரைச் செக்கன் பிந்தினாலும் அதே ஒலி, தாமதம் அதை ஒன்றும் செய்யாது. வேறொரு தொல்லைதான் உண்டு. பேச்சுக்காகச் செய்யப்பட்ட செயலிகள் மின்விசிறி மாதிரி ஒரே சீராக வரும் சத்தத்தை இரைச்சல் என்று எடுத்து அழித்துவிடும். தம்புராவும் அவற்றின் காதுக்கு மின்விசிறிதான். நான் சுருதிப் பெட்டியைப் போட்டால் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு செக்கன் கேட்டு, பிறகு மங்கிப் போகும், நான் பாடும்போது மட்டும் எட்டிப் பார்க்கும். நீட்டிப் பிடிக்கும் சட்ஜத்துக்கும் இதே கதி. "ஏன் குரலை விடுகிறீர்கள்" என்று பிள்ளையைக் கேட்காதீர்கள், விட்டது செயலி.

கணினிச் சூமில் ஒலி அமைப்புக்குள் `Original sound for musicians` என்று ஒன்று இருக்கும். அதைத் தெரிவு செய்து, வகுப்புக்குள் வந்ததும் மேலே தெரியும் அதே பெயர் கொண்ட பொத்தானையும் இயக்க வேண்டும். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இதைப் போட்டால் தாமதம் குறையாது, குரல் மட்டும் நேர்மையாகப் போகும். இரைச்சல் நீக்கமும் எதிரொலி நீக்கமும் தளர்ந்துவிடுவதால் ஸ்பீக்கரில் கேட்கக் கூடாது, இயர்ஃபோன் கட்டாயம். இல்லாவிட்டால் என் குரலே பிள்ளையின் வீட்டைச் சுற்றி எனக்குத் திரும்பி வரும். சுருதியை ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே போட்டுக்கொள்வது இதைவிடச் சுலபம். வீட்டில் இன்னொரு ஃபோன் இருந்தால் தம்புராச் செயலி, இல்லாவிட்டால் வகுப்புக்கு முன் பதிந்து வைத்ததைக் கேட்டுச் சட்ஜம் பிடித்துவிட்டு வருவது.

குறைக்கக் கூடியது, குறைக்க முடியாதது

புளூடூத்தைக் கழற்றுவதுதான் செலவில்லாமல் கிடைக்கும் பெரிய லாபம். அடுத்தது இடம். தகரக் கூரைக்கு அடியில், நடு அறையில் உட்காருவதற்குப் பதில் கோபுரம் உள்ள பக்கத்து யன்னலோரம் போனால் பிந்துவது குறைகிறதோ இல்லையோ, ஆடுவது குறையும். ஃபைபர் உள்ள வீட்டில் ரவுட்டரிலிருந்து கணினிக்கு வயர் இழுத்தால் அதே பலன். மூன்றாவது நேரம். கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வீட்டுக்கு வந்த பிறகுதான் பிள்ளைக்கு ஃபோன் கிடைக்கும் என்பதால் இரவு ஏழு மணிக்கு வகுப்பு வைத்திருந்தேன். ஊரே டேட்டாவில் இருக்கும் நேரம் அது. ஞாயிறு காலைக்கு மாற்றியதும் பொகவந்தலாவையின் 400 என்பது 340க்கு வந்தது. நன்மைதான், ஆனால் சேர்ந்து பாடும் எல்லைக்கு அது கிட்டவும் வராது. கூடுதல் வேகப் பக்கேஜ் போட்டால் சரியாகும் என்று ஒரு தந்தை பணம் கட்டினார், எண் அசையவில்லை. அவர் வாங்கியது அகலமான பாதை, நமக்கு வேண்டியது சீக்கிரம் வரும் பஸ்.

உண்மையிலேயே சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால்

அதற்கென்றே செய்த இலவச மென்பொருள்கள் உண்டு: `Jamulus`, `SonoBus`, `JackTrip`. இவை தேக்கத்தை மிகச் சிறிதாக வைத்து, பொட்டலம் பிந்தினால் காத்திருக்காமல் விட்டுவிடும். விலையாக அங்கங்கே கிறீச்சென்று கேட்கும். ஆனால் நிபந்தனைகள் கடுமை. இரு பக்கமும் ஃபைபர், வயர் இணைப்பு, ஃபோன் அல்லாமல் கணினி, விண்டோஸ் என்றால் ஒலியை அதிகம் பிந்தாமல் கடத்தும் ASIO டிரைவர், முடிந்தால் தனி ஒலி இடைமுகப் பெட்டி. `Jamulus` திரையில் பிங், அதாவது இணைப்பில் மட்டும் போய் வரும் நேரம், ஒரு எண்ணாகவும், மொத்தத் தாமதம் இன்னொரு எண்ணாகவும், பச்சை மஞ்சள் சிவப்பு விளக்கோடு தெரியும். பார்க்க வேண்டியது மொத்தத்தை.

சேவைக் கணினி எங்கே என்பது இங்கே உயிர். ஹட்டனும் கண்டியும் சேர்ந்து வாசிக்க ஐரோப்பாவில் உள்ள பொதுக் கணினியைத் தெரிவு செய்தால் எல்லாம் வீண். இரு வீடுகளில் ஒன்றின் கணினியையே சேவைக் கணினியாக்குவது நல்லது. கண்டியில் உள்ள வயலின் மாணவி ஒருத்தியோடு இப்படி முயன்று மொத்தத் தாமதத்தை 40க்குக் கிட்டக் கொண்டுவந்தோம். மத்திம காலக் கீர்த்தனையைச் சேர்ந்து வாசிக்க முடிந்தது, துரித கால ஸ்வரத்தில் இழுத்தது. அதில் ஒரு பழக்கம் தேவை: உங்கள் சொந்த ஒலியையும் சேவைக் கணினியிலிருந்து திரும்பி வருவதாகவே கேட்க வேண்டும், அப்போதுதான் இருவர் காதிலும் ஒரே கலவை விழும். வயலினுக்கு இது முடியும். பாடுபவருக்குத் தன் குரல் எலும்பு வழியே முந்திக் கேட்டுவிடுவதால் சிரமம். ஒரேயொரு தோட்டத்துப் பிள்ளை மொபைல் டேட்டாவில் சேர்ந்தாலும் அவளுக்கு அந்த எல்லை எட்டாது. ஆகவே இதை வளர்ந்த மாணவர் ஓரிருவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வகுப்புக்கு இது வழி அல்ல.

மிருதங்கப் பக்கவாத்தியத்துக்கு நான் செய்வது வேறு. மிருதங்க ஆசிரியர் உருப்படிக்கு ஏற்ப ஐந்து நிமிடம் வாசித்துப் பதிந்து தருவார், முதலில் மூன்று தட்டு, பிறகு எடுப்பு. அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். பிள்ளை இயர்ஃபோனில் அதைக் கேட்டபடி பாடி, இன்னொரு ஃபோனில் தன் குரலைப் பதிந்து அனுப்ப வேண்டும். வீட்டில் ஒரே ஃபோன் என்றால் பக்கத்து லயத்து அக்காவிடம் பத்து நிமிடம் கேட்டுக்கொள்ளலாம். தொடக்கத்து மூன்று தட்டையும் பிள்ளை கையால் கூடத் தட்டினால், பிறகு இரண்டையும் கணினியில் பொருத்த அந்த இடம் அடையாளமாகும். பொங்கல் விழாவுக்கு ஆறு பிள்ளைகளின் பாட்டை இப்படித்தான் ஒட்டினோம். ஒரு பிள்ளையின் பதிவில் நடுவே சேவல் கூவுகிறது. எடுத்துவிடலாம் என்றால் அது சமத்தில் கூவியிருக்கிறது, விட்டுவிட்டேன்.

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு நிற்கும் பிள்ளைகளை மட்டும் முந்திய இரண்டு வாரமும் நேரில் வரச் சொல்கிறேன். பக்கவாத்தியக்காரர் கொஞ்சம் இழுத்தால் எப்படி விட்டுக்கொடுப்பது, தான் ஓடினால் அவர் எப்படிப் பிடித்து நிறுத்துவார் என்பதெல்லாம் ஒரே அறையில் உட்கார்ந்துதான் பழக முடியும். பஸ் காசு கூடும் என்று தெரிந்துதான் இரண்டு வாரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எண்களை ஒரு கொப்பியில் பெயருக்கு நேரே, திகதியோடு எழுதி வையுங்கள். பொகவந்தலாவைப் பிள்ளைக்குப் போன மாதம் அண்ணன் புது ஃபோன் வாங்கிக் கொடுத்தான். மறுபடியும் தட்டிப் பார்த்தோம், 310.

"இப்ப பிந்துறேனா டீச்சர்?" என்றாள்.

"ஃபோன்தான் பிந்துது பிள்ள. நீங்க கைய போடுங்க" என்றேன்.